ஒரே ஆய்வு, இரண்டு சுருக்கங்கள்: பொருத்தம் தப்பினால் எங்கே கை வைப்பது

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் ஆய்வேடு முடிக்கிற பிள்ளைகள் கடைசி வாரத்தில் என்னிடம் கொண்டுவருவது பெரும்பாலும் இரண்டு தாள்தான். ஒன்றில் ஆங்கில அப்ஸ்ட்ராக்ட், மற்றதில் தமிழ்ச் சுருக்கம். “ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்பார்கள். பார்த்தால் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லும் செய்தி வேறாக இருக்கும். ஆங்கிலத்தில் ‘இருக்கக்கூடும்’ என்று நிற்பது தமிழில் ‘ஆகும்’ என்று முடிந்திருக்கும். ஆங்கிலத்தில் சிலர் செய்தது தமிழில் யாருமே செய்யாததாக மாறியிருக்கும்.

ஒரு ஆய்வையே கடைசிவரை எடுத்துக்கொண்டு, எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது என்று எழுதுகிறேன். திருத்துறைப்பூண்டி பக்கத்து மாணவி ஒருவர் கொண்டுவந்த சுருக்கம் அது. கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வரும்போது விவசாயிகள் சம்பாவை நடுகிறார்களா, நேரடியாக விதைக்கிறார்களா என்பது பொருள். கீழே வரும் எண்கள் அவருடையவை அல்ல. விளக்குவதற்காக நான் அமைத்துக்கொண்டவை.

முதலில் செய்ய வேண்டியது: கூற்றுப் பட்டியல்

இரண்டு சுருக்கத்தையும் மூடி வையுங்கள். வெள்ளைத்தாளில், ஆய்வு என்னென்ன சொல்கிறது என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். நடை வேண்டாம், அழகு வேண்டாம். ஒரு வரிக்கு ஒரு கூற்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைச் சொல்வது யார், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார், எத்தனை பேரைப் பற்றிச் சொல்கிறார் என்ற மூன்றையும் குறியுங்கள். மாணவியும் நானும் எழுதிய பட்டியல் இது:

1. கேள்வி: கடைமடைக்குத் தண்ணீர் பிந்தினால் நடவா, நேரடி விதைப்பா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்.
2. இடமும் காலமும்: திருத்துறைப்பூண்டி வட்டாரம், மூன்று ஊர், அடுத்தடுத்து இரண்டு சம்பா.
3. ஆட்கள்: 50 விவசாயிகள், அதில் 12 பெண்கள். ஆய்வாளர் நோக்கம் கருதித் தேர்ந்தெடுத்தவர்கள், குலுக்கல் முறையில் அல்ல.
4. கண்டது: நேரடியாக விதைத்தவர்கள் முதல் பருவத்தில் 20, இரண்டாம் பருவத்தில் 26. ஒரு பருவத்திலாவது விதைத்தவர்கள் 31. இரண்டிலும் நடவே செய்தவர்கள் 19.
5. கண்டது: வாய்க்கால் தலைப்பிலிருந்து தள்ளி இருக்கும் வயல்களில் விதைப்பு அதிகம். தொடர்பு மட்டும், காரணம் என்று நிறுவவில்லை.
6. விவசாயிகள் சொன்னது: நாற்றங்கால் காய்ந்துவிடும் என்ற பயம், நடவுக் கூலி. பெரும்பாலோர் சொன்னது, எல்லோரும் அல்ல.
7. வரம்பு: விளைச்சலை அளக்கவில்லை.
8. ஊகம்: தண்ணீர் விடும் தேதி முன்பே தெரிந்தால் உதவக்கூடும்.

இந்தப் பட்டியல்தான் மூலம். ஆங்கிலச் சுருக்கமும் இதிலிருந்து வர வேண்டும், தமிழ்ச் சுருக்கமும் இதிலிருந்தே வர வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றை எடுக்கும்போதுதான் சொல்லுக்குச் சொல் மாற்றும் பழக்கம் வந்துவிடுகிறது. கண் முன்னே ஆங்கில வாக்கியம் இருந்தால் கை அதன் வழியேதான் போகும். எத்தனை பழகியவருக்கும் அப்படித்தான். அதனால் தமிழ் எழுதும்போது ஆங்கிலத் தாளை மேசையிலேயே வைக்காதீர்கள்.

எழுதி முடித்தபின் சோதிக்க ஒரு வழி உண்டு. ஆய்வைப் பற்றி ஏதும் தெரியாத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, “இதுல என்ன சொல்லியிருக்கு?” என்று கேளுங்கள். வேறொருவரிடம் ஆங்கிலத்தை மட்டும் கொடுங்கள். இருவர் சொன்னதையும் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். எந்த எண்ணில் இருவரும் பிரிகிறார்களோ அங்கேதான் பிழை. இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

அறிகுறி: தமிழ்ச் சுருக்கத்தை ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை

மாணவியின் முதல் வாக்கியம் இப்படி இருந்தது:

“காவிரிப் பாசன அமைப்பின் நீர் இறுதியாக வந்தடையும் பகுதியான கடைமடையில், நீர் வரத்தின் தாமதத்தால் பாதிக்கப்படும் சம்பா பருவத்தின்போது விவசாயிகளால் மேற்கொள்ளப்படும் நெல் நிறுவல் முறைகள் தொடர்பான முடிவெடுத்தலை இந்த ஆய்வு ஆராய்கிறது.”

பிழையில்லாத இலக்கணம்தான். ஆனால் ‘ஆராய்கிறது’ வரும்வரை வாசிப்பவர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த அமைப்பு தொல்லை தராது. எழுவாயும் வினையும் முதல் மூன்று சொல்லுக்குள் வந்துவிடும்; மிச்ச விவரமெல்லாம் அதன் பின்னால் வாலாகத் தொங்கும். தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. அதனால் ஆங்கிலத்தின் வால் முழுவதும் தமிழில் தலைச்சுமையாகிவிடுகிறது.

சரிசெய்ய, வாக்கியத்தை நறுக்கினால் மட்டும் போதாது. எது தேவையில்லை என்று முதலில் பாருங்கள். ‘நீர் இறுதியாக வந்தடையும் பகுதியான’ என்ற விளக்கம் ஆங்கில வாசகருக்கு வேண்டும். கடைமடை என்ற சொல்லிலேயே அது இருக்கும்போது தமிழ் வாசகருக்கு எதற்கு? ‘நெல் நிறுவல்’ யாரும் சொல்லாத சொல். ‘க்ராப் எஸ்டாப்ளிஷ்மென்ட்’ என்பதைப் பிரித்துப் போட்டதால் வந்தது. வயலில் அதற்குப் பெயர் நடவு, விதைப்பு. இரண்டையும் எடுத்துவிட்டு, பட்டியலின் முதல் வரியை மட்டும் பார்த்து எழுதச் சொன்னேன்.

“கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வரும்போது, சம்பாவை நாற்று விட்டு நடுவதா, நேரடியாக விதைப்பதா என்று விவசாயிகள் எப்படி முடிவு செய்கிறார்கள்?”

கேள்வியாகவே நிற்கிறது. ஆங்கிலத்தில் அவர் கேள்விக்குறி போடவில்லை. ‘திஸ் ஸ்டடி எக்ஸாமின்ஸ்’ என்றுதான் தொடங்கியிருந்தார். அதை மாற்ற வேண்டியதில்லை. ஒரே கூற்றுதான், ஆங்கிலத்தில் அறிக்கையாக இருக்கிறது, தமிழில் கேள்வியாக இருக்கிறது. இணை என்றால் வாக்கிய வகையும் ஒத்துப்போக வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

அறிகுறி: ஆங்கிலச் சுருக்கம் வெளியூர்க்காரருக்குப் பிடிபடவில்லை

இது மேலே சொன்னதன் மறுபுறம். தமிழில் ஒரு சொல்லில் வருவதை ஆங்கிலத்திலும் ஒரு சொல்லாகவே விட்டுவிடுவதால் வருகிறது. மாணவியின் ஆங்கிலத்தில் சம்பா என்ற சொல் விளக்கமில்லாமல் நின்றது. வழக்கமாக அணை திறக்கும் தேதி என்று இருந்ததே தவிர, என்ன தேதி என்று இல்லை. மேட்டூர் ஜூன் 12 என்பது நம்மூரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இந்தச் சுருக்கத்தை வெளிநாட்டில் வாசிப்பவருக்குச் சம்பா என்பது ஊர்ப்பெயரா, விதைப்பெயரா, பருவமா என்றே தெரியாது. அவருக்கு நாலைந்து சொல்லில் சொல்லிவிட வேண்டும்: ஆகஸ்டில் தொடங்கி ஜனவரி வாக்கில் அறுக்கும் நீண்டகால நெற்பருவம் என்று. கடைமடைக்கும் அப்படித்தான். ‘டெயில் எண்ட்’ என்று மட்டும் போடாமல், தண்ணீர் கடைசியில் வந்து சேரும் இடம் என்று ஒரு துணைத்தொடர் சேர்க்க வேண்டும்.

இப்போது ஆங்கிலம் தமிழைவிட நீண்டிருக்கும். இருக்கட்டும். வாசகர் கொண்டுவரும் அறிவு இரண்டு பக்கமும் வேறு. அந்த வேறுபாட்டை ஈடுகட்டத்தான் விளக்கம். அது புதுக் கூற்று அல்ல. பட்டியலில் ஒரு வரிகூட இதனால் கூடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

சில இடங்களில் தமிழுக்குத்தான் கூடுதல் சொல் வேண்டியிருக்கும். ‘பர்போசிவ் சாம்ப்ளிங்’ என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் போய்விடுகிறது. ‘நோக்க மாதிரியாக்கம்’ என்று அதைத் தமிழில் ஒட்டவைத்தால் அந்தத் துறைக்கு வெளியே ஒருவருக்கும் விளங்காது. ‘நோக்கம் கருதித் தேர்ந்தெடுத்த 50 விவசாயிகள்’ என்றால் வேலை முடிந்தது.

அறிகுறி: தமிழில் எழுத உட்கார்ந்தால் ஆங்கிலத்தில் உள்ளது எந்தப் பொருள் என்று நமக்கே தெரியவில்லை

இதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன். பிழை மொழிபெயர்ப்பில் இல்லை, மூலத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

மாணவி தமிழ்ச் சுருக்கத்தை வீட்டில் அப்பாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். அவரும் கடைமடை விவசாயிதான். ‘நேரடி விதைப்பு’ என்ற இடத்தில் நிறுத்தி, “புழுதியா, சேறாம்மா?” என்று கேட்டிருக்கிறார். இந்தப் பெண்ணுக்குச் சுருக்கென்று பட்டிருக்கிறது. ஏனென்றால் இரண்டும் ஒன்றல்ல. புழுதி விதைப்பு என்றால் தண்ணீர் வருவதற்கு முன்பே உழுது, காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் காத்திருப்பது. சேற்று விதைப்புக்குத் தண்ணீர் வேண்டும். சேறடித்துச் சமன் செய்தபின் முளைகட்டிய விதையைத் தெளிப்பார்கள். தண்ணீர் பிந்துவதைப் பற்றிய ஆய்வில் இந்த வேறுபாடு இல்லாவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அவர் நேர்கண்டவர்கள் செய்தது புழுதி விதைப்பு. ஆங்கிலத்தில் ‘டைரக்ட் சீடிங்’ என்று பொதுவாகப் போட்டிருந்தார். ஆய்வேட்டின் உள்ளே விளக்கமாக இருந்ததால் சுருக்கத்தில் விட்டுப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

திருத்தம் முதலில் பட்டியலுக்குப் போனது; 1, 4, 5 ஆகிய வரிகளில் நேரடி விதைப்பு என்பது புழுதி விதைப்பு ஆனது. பிறகு தமிழுக்கு. அப்புறம் ஆங்கிலத்தில் ‘ட்ரை’ என்ற ஒரு சொல் முன்னால் சேர்ந்தது. ஆங்கிலம் மூலம், தமிழ் அதன் நகல் என்று வைத்துக்கொண்டிருந்தால் இந்தத் திருத்தம் நடந்திருக்காது. தமிழ்ச் சுருக்கத்தை முழு மூச்சோடு எழுதுவதில் எனக்கு இத்தனை பிடிவாதம் இருப்பது இதனால்தான்.

காரணத்தைச் சொன்ன வாக்கியத்திலும் இதே கதை. ஆங்கிலத்தில் கூலிச் செலவாலும் நாற்றங்கால் காயும் ஆபத்தாலும் விவசாயிகள் விதைப்புக்கு மாறினர் என்று இருந்தது. தமிழில் எழுதும்போது வினைமுற்று கேட்டது: ‘மாறினர்’ என்று நான் சொல்கிறேனா, ‘மாறினோம் என்றனர்’ என்று அவர்கள் சொன்னதைச் சொல்கிறேனா? ஆய்வில் இருப்பது இரண்டாவதுதான். செலவை அவர் கணக்கிடவில்லை, கேட்டுக்கொண்டார். தமிழில் ‘காரணங்களாகக் கூறினர்’ என்று வந்தது. ஆங்கிலத்தில் ‘ரிப்போர்ட்டட்’ என்ற வினை உள்ளே வந்தது.

அறிகுறி: இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன, ஆனால் தமிழ் கூடுதலாக அடித்துச் சொல்கிறது

அதிகம் பிசகும் இடம் இது. கண்ணுக்கு எளிதில் படாது. மூன்று ஒட்டுகளையும் ஒரு சொல்லையும் தேடிப் பாருங்கள்.

முதலாவது ‘-லாம்’. ஆங்கிலத்தில் தேதியை முன்பே அறிவிப்பது உதவக்கூடும் என்பதை ‘மே’ என்ற துணைவினையால் சொல்லியிருந்தார். தமிழில் ‘தேதியை முன்கூட்டியே அறிவிக்கலாம்’ என்று வந்திருந்தது. ‘-லாம்’ என்பதற்கு வாய்ப்பு என்றும் பொருள், அனுமதி என்றும் பொருள், யோசனை சொல்வது என்றும் பொருள். இந்த வாக்கியத்தை வாசிக்கிற எவரும் ‘அறிவியுங்கள்’ என்று அரசுக்குச் சொல்கிற பரிந்துரையாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆய்வோ பரிந்துரை செய்யவில்லை. ‘உதவக்கூடும்’ என்று போட்டால் ஊகம் ஊகமாகவே நிற்கும். பரிந்துரையே நோக்கமென்றால் ஆங்கிலத்திலும் அப்படியே எழுதட்டும், பட்டியலிலும் மாற்றட்டும்.

இரண்டாவது ‘-ஆல்’. ‘அசோசியேட்டட் வித்’ என்றால் சேர்ந்து காணப்படுகிறது என்பது மட்டுமே. அதைத் தமிழில் ‘தொலைவு காரணமாக’, ‘தொலைவால்’ என்று எழுதினால் தொலைவுதான் அதைச் செய்தது என்றாகிவிடும். தொலைவில் இருப்பவர்கள் சிறு விவசாயிகளாகவும் இருக்கலாம். அவர்களுக்கு ஆள் கிடைப்பது கடினமாகவும் இருக்கலாம். ஆய்வு அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. ‘தொடர்புடையதாக இருந்தது’ என்று போடலாம், கொஞ்சம் காய்ந்த நடைதான். ‘தள்ளிப் போகப் போக … கூடுதலாகக் காணப்பட்டது’ என்ற அமைப்பு எனக்குப் பிடிக்கும். சேர்ந்து நடப்பதை மட்டும் சொல்லி, எது எதைச் செய்தது என்பதில் தலையிடாது.

மூன்றாவது ‘-ஏ’. ‘கூலியே காரணம்’ என்று ஏகாரத்தைச் சேர்த்தவுடன் வேறு காரணமே இல்லை என்றாகிறது. ஓசைக்காக ஏகாரம் போடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. சுருக்கத்தில் ஒவ்வொரு ஏகாரத்தையும் தொட்டுப் பார்த்து, அது வேண்டுமென்றே வைத்ததுதானா என்று கேளுங்கள்.

அந்த ஒரு சொல் ‘குறிப்பிடத்தக்க’. ‘சிக்னிஃபிகன்ட்’ எங்கே வந்தாலும் இதைப் போட்டுவிடுகிறார்கள். புள்ளியியல் சோதனை செய்து வந்த சொல்லாக இருந்தால் ‘குறிப்பிடத்தக்க’ என்பது அதைச் சொல்லாது, பெரிய வேறுபாடு என்றுதான் வாசகர் நினைப்பார். வேறுபாடு சின்னதாக இருந்தும் புள்ளியியல்படி பொருளுடையதாக இருக்கலாம். அப்படியென்றால் ‘புள்ளியியல்படி பொருளுடைய வேறுபாடு’ என்று முழுசாக எழுதுங்கள். சோதனையே செய்யவில்லை என்றால், இந்த மாணவியைப் போல, ஆங்கிலத்திலிருந்தும் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். 50 பேரைத் தேர்ந்தெடுத்துப் பேசிய ஆய்வில் அது அலங்காரமாகத்தான் இருந்தது.

அறிகுறி: ‘எல்லோரும் … இல்லை’ என்ற வாக்கியத்தை இருவர் இருவிதமாக வாசிக்கிறார்கள்

‘எல்லா விவசாயிகளும் விதைப்புக்கு மாறவில்லை’. இதை வாசித்த ஒருவர், யாருமே மாறவில்லை என்றார். இன்னொருவர், மாறாதவர்களும் இருந்தார்கள் என்றார். இரண்டு வாசிப்புக்கும் தமிழ் இடம் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் ‘நாட் ஆல்’ என்று எதிர்மறை ‘எல்லா’வின் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவதால் இந்தக் குழப்பம் அவ்வளவாக இல்லை. நாம் எதிர்மறையை வினையில் வைக்கிறோம்; அது வாக்கியத்தில் எதுவரை எட்டுகிறது என்பது பேசும்போது குரலில் தெரியும், எழுத்தில் தெரியாது.

எதிர்மறையையே தவிர்த்துவிடுங்கள். எண்ணைச் சொல்லுங்கள். ‘50 பேரில் 31 பேர் ஒரு பருவத்திலாவது புழுதி விதைப்புச் செய்தனர், 19 பேர் இரண்டிலும் நடவையே தொடர்ந்தனர்.’ எண் கையில் இல்லாவிட்டால் ‘சிலர் மாறினர், சிலர் மாறவில்லை’ என்று இரண்டாக உடையுங்கள்.

அறிகுறி: விழுக்காடு இரண்டு பக்கமும் வேறாகத் தெரிகிறது

முதல் பருவத்தில் 20 பேர், அதாவது 40 விழுக்காடு. இரண்டாம் பருவத்தில் 26 பேர், 52 விழுக்காடு. ‘12 விழுக்காடு உயர்ந்தது’ என்று தமிழில் எழுதியிருந்தார். அது 12 விழுக்காட்டுப் புள்ளி. 20 பேர் 26 பேரானதை விழுக்காட்டில் சொன்னால் 30. இந்தச் சிறிய எண்ணிக்கைக்கு விழுக்காடே வேண்டாம் என்பது என் கருத்து. 20, 26 என்று இரண்டு தாளிலும் ஆட்களின் எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டால் பிசக வழியில்லை.

அளவை அலகுக்கும் இதே எச்சரிக்கை. தமிழில் மக்களுக்குப் புரியட்டும் என்று ஹெக்டேரை மாவாகவும், கிலோவை மூட்டையாகவும் மாற்றுகிறவர்கள் உண்டு. மூன்று மா ஒரு ஏக்கர் என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும், சரி. ஆனால் மூட்டை என்றால் 60 கிலோ மூட்டையா, கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையா? இரண்டு சுருக்கத்திலும் ஒரே அலகை வையுங்கள்.

அறிகுறி: ‘முறை’ என்ற சொல் வரும் இடமெல்லாம் தடுக்குகிறது

நீர்ப்பாசனம் பற்றி எழுதுகிறவர்களுக்கு இது தனித் தொல்லை. ‘இம்முறையில் மூன்று முறை முறை வைத்து’ என்று ஒரு வாக்கியத்தை நானே திருத்தியிருக்கிறேன். முதல் முறை வழி, இரண்டாவது தடவை, மூன்றாவது தண்ணீர் விடும் வரிசை. காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் மாற்றி மாற்றித் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தை நினைத்துத்தான் அவர் எழுதினார். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று சொல் இருப்பதால் அங்கே சிக்கலில்லை. தமிழில் ‘முறை’ என்பதைத் தண்ணீருக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள். ஆய்வு முறை என்று வரும் இடத்தில் எப்படிச் செய்தோம் என்பதை நேரே சொல்லிவிடலாம். மூன்று முறை என்று வரும் இடத்தில் மூன்று தடவை.

அறிகுறி: ஆங்கிலத்தில் இல்லாத செய்தி தமிழில் இருக்கிறது

பெரும்பாலும் சொல் எண்ணிக்கையால் வருவது. 250 சொல் என்று விதி இருக்கும். ஆங்கிலத்தில் 250 சொல்லில் நிரம்பிய அதே செய்தி தமிழில், நான் பார்த்தவரை, 170 முதல் 190 சொல்லுக்குள் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக நிற்கும் முன்னிடைச்சொல்லும் துணைவினையும் தமிழில் உருபாகவும் விகுதியாகவும் ஒட்டிக்கொள்கின்றனவே. 250 வரவில்லையே என்று பதறி, ‘டெல்டா தமிழகத்தின் நெற்களஞ்சியம்’ என்று ஒரு பத்தி முன்னால் சேரும். ‘இவ்வாய்வு கொள்கை வகுப்போருக்குப் பெரிதும் பயன்படும்’ என்று ஒரு வரி பின்னால் சேரும். பின்னது பட்டியலில் இல்லாத புதுக் கூற்று. விதி உச்சவரம்பா, கட்டாய எண்ணிக்கையா என்று நெறியாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் உச்சவரம்பாகத்தான் இருக்கும். கட்டாயம் என்றால் ஏற்கெனவே உள்ள கூற்றை விரியுங்கள். இந்த ஆய்வில் மூன்றாவது வரிக்கு இடம் இருந்தது: எந்த அடிப்படையில் அந்த 50 பேரைத் தேர்ந்தெடுத்தார் என்பதைச் சொல்லலாம்.

கடைசியில் நின்ற தமிழ்ச் சுருக்கம் இது:

“கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வரும்போது, சம்பாவை நாற்று விட்டு நடுவதா, புழுதியில் விதைப்பதா என்று விவசாயிகள் எப்படி முடிவு செய்கிறார்கள்? திருத்துறைப்பூண்டி வட்டாரத்தின் மூன்று ஊர்களில், அடுத்தடுத்த இரண்டு சம்பாப் பருவங்களில் இந்த ஆய்வு நடந்தது. நோக்கம் கருதித் தேர்ந்தெடுத்த 50 விவசாயிகளிடம் நேர்காணல் செய்யப்பட்டது. அவர்களில் 12 பேர் பெண்கள். முதல் பருவத்தில் 20 பேரும் இரண்டாம் பருவத்தில் 26 பேரும் புழுதி விதைப்புச் செய்தனர். ஒரு பருவத்திலாவது விதைத்தவர்கள் 31 பேர். 19 பேர் இரண்டிலும் நடவையே தொடர்ந்தனர். வாய்க்கால் தலைப்பிலிருந்து வயல் தள்ளிப் போகப் போக, புழுதி விதைப்பு கூடுதலாகக் காணப்பட்டது. நாற்றங்கால் காய்ந்துவிடும் என்ற அச்சத்தையும் நடவுக் கூலியையும் பெரும்பாலோர் காரணங்களாகக் கூறினர். விளைச்சல் அளக்கப்படவில்லை. தண்ணீர் விடும் தேதி முன்கூட்டியே தெரிந்தால், விதைப்பு முடிவை நேரத்தோடு எடுக்க அது உதவக்கூடும்.”

‘நடவையே’ என்பதில் ஏகாரம் இருக்கிறது. அது வேண்டுமென்றே வைத்தது. வேறு எதையும் செய்யவில்லை என்பதுதான் அங்கே கூற்று. ஆங்கிலத்தில் இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. விளைச்சலை அளக்காதது அங்கே தனி வாக்கியமாக இல்லாமல், கடைசி வாக்கியத்தின் முன்னால் துணைத்தொடராகப் போனது. கூற்று எட்டும் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

அறிகுறி: திறவுச்சொல் போட்டும் தேடலில் அகப்படவில்லை

திறவுச்சொற்களை மொழிபெயர்க்காதீர்கள். ஒவ்வொரு பக்கமும் வாசகர் எதைத் தட்டித் தேடுவாரோ அதைப் போடுங்கள். தமிழில் கடைமடை, புழுதி விதைப்பு, சம்பா. ஆங்கிலத்தில் நாட்டின் பெயரும் பயிரின் பொதுப்பெயரும் வேண்டும். ஆற்றின் பெயரை Cauvery என்றும் Kaveri என்றும் எழுதுகிறார்கள். ஒன்றைச் சுருக்கத்திலும் மற்றதைத் திறவுச்சொல்லிலும் வையுங்கள். தமிழ்த் தாள் பழைய எழுத்துருவில் தட்டியதா, யூனிகோடா என்றும் பாருங்கள். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து உலாவியின் தேடல் பெட்டியில் ஒட்டினால் தமிழாக வர வேண்டும். கந்தலான ரோமன் எழுத்துகளாக வந்தால் அந்தச் சுருக்கத்தை யாராலும் தேடி எடுக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றியபின் எழுத்துப்பிழையை மறுபடி ஒருமுறை பாருங்கள். ஒற்றைக்கொம்பு, கால் எல்லாம் அந்த மாற்றத்தில்தான் தவறும்.

அறிகுறி: போன மாதம் ஒத்துப்போனது, இப்போது ஒத்துப்போகவில்லை

வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு வருவது. தேர்வாளர் ஒரு திருத்தம் சொல்வார். எல்லோரும் ஆங்கிலத் தாளைத் திருத்திவிட்டு, தமிழை அப்படியே கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த மாணவியிடம், நேர்காணலை நடுவில் விட்டுப்போன ஒருவரைக் கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். 50 என்பது 49 ஆனது. விட்டுப்போனவர் இரண்டு பருவத்திலும் நட்டவர் என்பதால் 19 என்பது 18 ஆனது. 20, 26, 31 மாறவில்லை. இதை ஆங்கிலத்தில் ஓரிடத்திலும் தமிழில் ஓரிடத்திலும் தேடித் திருத்தினால் ஒன்று விட்டுப்போகும். பட்டியலைத்தான் முதலில் எடுத்தோம். 3ஆம், 4ஆம் வரிகளில் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதி, பக்கத்தில் தேதி போட்டோம். அதிலிருந்து இரண்டு தாளுக்கும் ஒரே நேரத்தில் மாற்றினோம். பட்டியல் எழுதிய அந்தத் தாளை ஆய்வேட்டின் கடைசிப் படியோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். கட்டுரையாக வெளியிடும்போது மூன்றாவதாக ஒரு சுருக்கம் கேட்பார்கள்.